கடைசி இலக்கம் முதலில் வரும்

44 என்ற எண்ணில் இரண்டு நான்குகள் இருக்கின்றன. இடப்பக்கத்து நான்கின் மதிப்பு நாற்பது, வலப்பக்கத்து நான்கின் மதிப்பு வெறும் நான்கு. எழுத்து ஒன்றுதான் என்றாலும் அது உட்கார்ந்திருக்கும் இடம் மதிப்பை மாற்றிவிடுகிறது. அன்றாடம் எழுதும் பதின்ம எண்களில் இந்த இடங்கள் வலமிருந்து இடமாக 1, 10, 100, 1000 என்று பத்துப் பத்து மடங்காக உயர்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் 0 முதல் 9 வரை ஏதேனும் ஓர் இலக்கம் உட்காரலாம்.

பைனரி எனப்படும் இருநிலை எண் முறையிலும் இதே ஏற்பாடுதான். இடங்கள் மட்டும் 1, 2, 4, 8, 16, 32 என்று இரண்டிரண்டு மடங்காக உயரும். ஒவ்வோர் இடத்திலும் 0 அல்லது 1 மட்டுமே உட்காரும். 32, 8, 4 ஆகிய மூன்றையும் கூட்டினால் 44 வரும். ஆகவே 32, 8, 4 இடங்களில் 1 போட்டு, 16, 2, 1 இடங்களில் 0 போட்டால் 101100 கிடைக்கிறது. 44-ம் 101100-ம் வெவ்வேறு எண்கள் அல்ல. ஒரே அளவை இரண்டு விதமாக எழுதியிருக்கிறது, அவ்வளவே.

சிறிய எண்ணுக்கு இப்படிக் கண்ணால் பார்த்தே கூட்டிக் கண்டுபிடித்துவிடலாம். எந்த எண்ணைக் கொடுத்தாலும் கணினியே மாற்றித் தரவேண்டும் என்றால், திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய ஒரே ஒரு சிறு வேலையாக இதைச் சுருக்கவேண்டும். அந்தச் சிறு வேலை, இரண்டால் வகுத்து மீதியைக் குறித்துக்கொள்வது.

## புளியங்கொட்டையில் ஒரு கணக்கு

மீதிகள் ஏன் இருநிலை இலக்கங்களாக அமைகின்றன என்பதை 44 புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பிப் பார்த்தால் புரியும். கொட்டைகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 22 சோடிகள் வரும். ஒற்றைக் கொட்டை எதுவும் மிஞ்சாது. இனிச் சோடிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் நான்கு கொட்டைகள் கொண்ட குவியல்கள் 11 வரும். தனிச் சோடி எதுவும் மிஞ்சாது. இந்த 11 குவியல்களை இரண்டிரண்டாகச் சேர்க்கும்போது எட்டுக் கொட்டைக் குவியல்கள் ஐந்து கிடைக்கும், நான்கு கொட்டைக் குவியல் ஒன்று சேராமல் நிற்கும். அதை ஓர் ஓரமாக ஒதுக்கி வைக்கவேண்டும்.

ஐந்து எட்டுகளைச் சேர்த்தால் பதினாறு கொண்ட குவியல் இரண்டு வரும். எட்டு ஒன்று மிஞ்சும், அதுவும் ஓரத்துக்குப் போகும். இரண்டு பதினாறுகள் சேர்ந்து 32 கொண்ட ஒரே குவியலாகும், மிச்சமில்லை. அந்த 32-க்குச் சேர இன்னொன்று இல்லாததால் அதுவே கடைசி மிச்சம்.

இப்போது ஒதுங்கி நிற்பவை 4, 8, 32 ஆகிய மூன்று குவியல்கள். இவைதான் 101100-இல் 1 இருக்கும் மூன்று இடங்கள். ஒவ்வொரு முறை சோடி சேர்க்கும்போதும் "ஏதாவது மிஞ்சியதா?" என்ற கேள்விக்கு வரும் பதில், அந்த இடத்தின் இலக்கமாகிறது. மிஞ்சியிருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இரண்டால் வகுக்கும்போது இவ்விரண்டைத் தவிர வேறு மீதி வரவே முடியாது.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். முதலில் தெரியவந்தது ஒன்றின் இடத்து இலக்கம். எண்ணை எழுதும்போது கடைசியில் வருவது அது. கடைசியாகத் தெரியவந்தது 32-இன் இடத்து இலக்கம். எழுதும்போது அதுதான் முதலில் வரவேண்டும். இலக்கங்கள் கிடைக்கும் வரிசையும் எழுதவேண்டிய வரிசையும் நேர் எதிரானவை. நிரலில் ஓர் அணி தேவைப்படுவதே இதனால்தான்.

## மீதிக்கு ஒரு குறி, ஈவுக்கு ஒரு குறி

சி மொழியில் `/` என்ற குறி முழு எண்களுக்கு நடுவில் வந்தால் ஈவை மட்டும் தரும். பின்னப் பகுதியை விட்டுவிடும். `%` என்ற குறி மீதியைத் தரும். 7325 என்ற எண்ணில் `7325 % 10` என்றால் 5, `7325 / 10` என்றால் 732. முதலாவது, எண்ணின் கடைசி இலக்கத்தைப் பிரித்துக் கையில் கொடுக்கிறது. இரண்டாவது, அந்த இலக்கத்தை வெட்டிவிட்டு மீதமுள்ள எண்ணைத் தருகிறது. இப்படியே தொடர்ந்தால் 5, 2, 3, 7 என்று இலக்கங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும்.

பத்துக்குப் பதில் இரண்டைப் போட்டால் பதின்ம இலக்கங்களுக்குப் பதில் இருநிலை இலக்கங்கள் கழன்று வருகின்றன. `44 % 2` ஒன்றின் இடத்து இலக்கம். `44 / 2` அந்த இடம் நீங்கிய மீதி எண்.

## மீதிகளைச் சேமிக்கும் லூப்

அரே எனப்படும் அணி என்பது வரிசையாக எண்ணிடப்பட்ட பெட்டிகள் போன்றது. சி மொழியில் பெட்டிகளின் எண் 0-இல் தொடங்கும். முதல் மீதி 0-ஆம் பெட்டிக்கும், அடுத்தது 1-ஆம் பெட்டிக்கும் என்று போய்ச் சேரும். எத்தனை பெட்டிகள் நிரம்பின என்பதை `count` என்ற மாறி கணக்கு வைத்துக்கொள்கிறது.

```c
int digits[32];
int count = 0;

while (n > 0) {
    digits[count] = n % 2;
    n = n / 2;
    count++;
}

for (int i = count - 1; i >= 0; i--) {
    printf("%d", digits[i]);
}
```

`n`-இல் 44 இருந்தால் முதல் லூப் ஆறு முறை சுற்றுகிறது.

| சுற்று | n | மீதி | அடுத்த n | மீதி சேரும் பெட்டி |
|---|---|---|---|---|
| 1 | 44 | 0 | 22 | digits[0] |
| 2 | 22 | 0 | 11 | digits[1] |
| 3 | 11 | 1 | 5 | digits[2] |
| 4 | 5 | 1 | 2 | digits[3] |
| 5 | 2 | 0 | 1 | digits[4] |
| 6 | 1 | 1 | 0 | digits[5] |

`n` பூஜ்ஜியம் ஆனதும் லூப் நிற்கிறது. `count` 6-இல் நிற்கிறது. இரண்டாவது லூப் 5-ஆம் பெட்டியில் தொடங்கி 0-ஆம் பெட்டி வரை பின்னோக்கி இறங்கி, 1, 0, 1, 1, 0, 0 என்று அச்சிடுகிறது.

பெட்டியின் எண்ணுக்கும் இடமதிப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 0-ஆம் பெட்டி ஒன்றின் இடம், 1-ஆம் பெட்டி இரண்டின் இடம், 2-ஆம் பெட்டி நான்கின் இடம். ஒவ்வொரு பெட்டிக்கும் இடமதிப்பு இரட்டிப்பாகிறது. ஆகவே அணிக்குள் இலக்கங்கள் தலைகீழாக இருப்பது குறை அல்ல. கணக்குக்கு அதுவே வசதியான வரிசை. அச்சிடும்போது மட்டும் கண்ணுக்குப் பழகிய வரிசைக்குத் திருப்பினால் போதும்.

இலக்கங்களை இப்படிக் கீழிடத்திலிருந்து பிரித்தெடுக்கும் வழி கணினிக்கு மிக முற்பட்டது. பிங்கலரின் சந்தஸ் சாஸ்திரத்தில், குரு, லகு அசைகளின் எல்லாச் சேர்க்கைகளையும் வரிசைப்படுத்தியபின், குறிப்பிட்ட எண்ணுள்ள வரிசையில் எந்தச் சேர்க்கை இருக்கும் என்று கண்டுபிடிக்கும் விதி உண்டு. எண் இரட்டைப்படை என்றால் லகு எழுதிப் பாதியாக்கவேண்டும். ஒற்றைப்படை என்றால் குரு எழுதி, ஒன்று கூட்டிப் பாதியாக்கவேண்டும். மூன்று அசைகளில் 6-ஆவது வரிசை வேண்டுமென்றால், 6 இரட்டை என்பதால் லகு. பாதி 3 ஒற்றை என்பதால் குரு. ஒன்று கூட்டிய 4-இன் பாதியான 2 இரட்டை என்பதால் மீண்டும் லகு. விடை லகு, குரு, லகு. அந்த அட்டவணையில் முதல் அசைதான் வேகமாக மாறுவது, அதாவது கீழிடம் போன்றது. எனவே கிடைக்கும் வரிசையிலேயே எழுதிவிடலாம். திருப்பவேண்டிய தேவை எழவில்லை.

## வரிசை தவறினால் தெரியும் அடையாளங்கள்

இந்தச் சிறு நிரலில் நேரும் பிழைகள் பெரும்பாலும் வரிசை தொடர்பானவை. ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் அடையாளத்தை விடையில் விட்டுச் செல்கிறது.

இரண்டாவது லூப்பை 0-இல் தொடங்கி முன்னோக்கி ஓட்டினால் 44-க்கு 001101 என்று வரும். அது 13-ஐக் குறிக்கும் எழுத்து. விடையின் தொடக்கத்தில் தேவையில்லாத பூஜ்ஜியங்கள் நிற்பது இந்தப் பிழையின் அடையாளம். ஆனால் இதே நிரலை 45 கொடுத்துச் சோதித்தால் பிழை தெரியவே தெரியாது. 45-இன் இருநிலை வடிவம் 101101. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதான். 5, 7, 9 ஆகியவையும் அப்படியே. வகுப்பில் சோதனைக்கு முதலில் எடுக்கப்படுபவை இந்தச் சிறிய எண்கள் என்பதால், தலைகீழாக அச்சிடும் நிரல் சரியானதாகவே கணக்கில் சேர்ந்துவிடுகிறது. சோதனைக்கு 44, 6, 8 போன்ற இரட்டைப்படை எண்களை எடுப்பது நல்லது. அவற்றின் கடைசி இலக்கம் 0, முதல் இலக்கம் 1. ஆகவே திருப்பினால் கட்டாயம் மாறும்.

முதல் லூப்புக்குள் இருக்கும் இரண்டு வரிகளை இடம் மாற்றி, முதலில் வகுத்துவிட்டுப் பிறகு மீதி எடுத்தால், ஒன்றின் இடத்து இலக்கம் பார்க்கப்படாமலே வெட்டப்பட்டுவிடும். 44-க்கு 010110 வரும். அது 22, அதாவது சரியான விடையில் பாதி. பாதி விடையும் முன்னால் ஒரு பூஜ்ஜியமும் சேர்ந்து வந்தால் காரணம் இதுதான்.

அச்சிடும் லூப்பை `count - 1`-க்குப் பதில் `count`-இல் தொடங்கினால், இன்னும் எதுவும் போடாத 6-ஆம் பெட்டி முதலில் படிக்கப்படும். அதில் முன்பு நினைவகத்தில் கிடந்த ஏதோ ஓர் எண் இருக்கும். விடைக்கு முன்னால் 0, 1 தவிர்த்த விசித்திர எண் ஒட்டிக்கொண்டு வந்தால் இங்கே பார்க்கவேண்டும்.

இன்னொன்று, முதல் லூப் முடியும்போது `n`-இல் 44 இருப்பதில்லை, 0-தான் இருக்கும். வகுத்து வகுத்து எண்ணையே செலவழித்துவிட்டது லூப். பிறகு மூல எண்ணையும் விடையையும் ஒன்றாக அச்சிடவேண்டும் என்றால், தொடங்கும் முன்பே அதை வேறொரு மாறியில் எடுத்து வைக்கவேண்டும்.

## பூஜ்ஜியமும் பெட்டிகளின் எண்ணிக்கையும்

`n` தொடக்கத்திலேயே 0 என்றால் `while (n > 0)` என்ற நிபந்தனை முதல் முறையே தோற்றுவிடும். ஒரு பெட்டியும் நிரம்பாது, எதுவும் அச்சாகாது. பூஜ்ஜியத்தை எழுதவும் ஓர் இலக்கம் வேண்டும். லூப்பின் உடல் ஒரு முறையாவது ஓடியபின் நிபந்தனையைப் பார்க்கும் `do while` வடிவத்தைப் பயன்படுத்தினால் இந்தக் குறை நீங்கும்.

```c
do {
    digits[count] = n % 2;
    n = n / 2;
    count++;
} while (n > 0);
```

அணியில் எத்தனை பெட்டிகள் வேண்டும் என்பது, கொடுக்கப்படும் எண் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு சுற்றிலும் எண் பாதியாகிறது; எத்தனை முறை பாதியாக்கினால் பூஜ்ஜியம் வருமோ அத்தனை இலக்கங்கள். 44-க்கு 6 இலக்கங்கள், 1000-க்கு 10, பத்து லட்சத்துக்கு 20, நூறு கோடிக்கு 30. எண் ஆயிரம் மடங்கு பெருகும்போது இலக்கங்கள் சுமார் பத்துதான் கூடுகின்றன. இன்றைய கணினிகளில் வழக்கமாக `int` 32 பிட் அகலம் கொண்டது. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647, அதற்கு 31 இலக்கங்கள். ஆகவே 32 பெட்டிகள் போதும். 64 பிட் அகலமுள்ள `long long` என்றால் 64 பெட்டிகள் வைப்பது பாதுகாப்பு.

எட்டுப் பெட்டிகள் மட்டும் வைத்தால் 255 வரை எல்லாம் சரியாக நடக்கும். 300 கொடுத்தால் அதன் வடிவம் 100101100; ஒன்பது இலக்கங்கள். ஒன்பதாவது மீதி, இல்லாத `digits[8]`-க்குப் போகும். சி மொழி இதைத் தடுப்பதில்லை. அணிக்கு அடுத்துள்ள நினைவகத்தில் எழுதிவிடும். சில நேரம் விடை சரியாகவே வந்துவிடும். சில நேரம் அருகிலிருந்த வேறு மாறியின் மதிப்பு கெட்டு லூப் தாறுமாறாக ஓடும். சில நேரம் `stack smashing detected` என்ற செய்தியோடு நிரல் நின்றுவிடும். விடை சரியாக வருவதுதான் இவற்றில் ஆபத்தானது, ஏனெனில் பிழை கண்ணில் படாமல் தங்கிவிடுகிறது.

## திரும்பி வரும் வழி

101100 என்ற இலக்கங்களிலிருந்து 44-க்குத் திரும்ப இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி இடமதிப்பைக் கொண்டு கூட்டுவது. 0-ஆம் பெட்டியில் தொடங்கி, எடையை 1, 2, 4 என்று இரட்டித்துக்கொண்டே போய், இலக்கத்தை எடையால் பெருக்கிக் கூட்டவேண்டும்.

```c
int value = 0, weight = 1;
for (int i = 0; i < count; i++) {
    value = value + digits[i] * weight;
    weight = weight * 2;
}
```

44-க்கு முதல் இரு சுற்றுகளில் எதுவும் சேராது. மூன்றாவதில் 4, நான்காவதில் 8, ஆறாவதில் 32 சேர்ந்து 44 ஆகும். ஓரமாக ஒதுக்கிய மூன்று குவியல்களை ஒன்றாகச் சேர்ப்பது போன்றது இது.

இரண்டாவது வழி மேலிடத்தில் தொடங்குகிறது. அதற்கு எடை என்ற மாறியே தேவையில்லை. இதுவரை சேர்ந்த மதிப்பை இரட்டித்து, அடுத்த இலக்கத்தைக் கூட்டினால் போதும்.

```c
int value = 0;
for (int i = count - 1; i >= 0; i--) {
    value = value * 2 + digits[i];
}
```

1, 0, 1, 1, 0, 0 என்ற இலக்கங்கள் வரும்போது `value` அடையும் மதிப்புகள் 1, 2, 5, 11, 22, 44. மேலேயுள்ள அட்டவணையில் `n` எடுத்த மதிப்புகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் 1, 2, 5, 11, 22, 44 என்றே இருக்கும். இது தற்செயல் அல்ல. போகும்போது ஒவ்வோர் அடியிலும் பாதியாக்கி மீதியைக் கழற்றி வைத்தோம். வரும்போது இரட்டித்து அதே மீதியை ஒட்டவைக்கிறோம். கடைசியாகக் கழற்றியது முதலில் ஒட்டப்படுகிறது. எந்த முழு எண்ணையும் இரண்டால் வகுத்தால், ஈவின் இரு மடங்கோடு மீதியைக் கூட்டினால் மூல எண் கிடைக்கும் என்ற ஒரே உண்மை இரு லூப்களையும் தாங்குகிறது.

```
n = 2 * (n / 2) + n % 2
```

பெருக்கிக் கூட்டி, மீண்டும் பெருக்கிக் கூட்டும் இந்த முறைக்கு, 1819-இல் வெளியான தம் கட்டுரையால் அறியப்பட்ட ஆங்கிலேயக் கணித ஆசிரியர் வில்லியம் ஜார்ஜ் ஹார்னரின் பெயர் வழங்குகிறது.

## எழுத்தாக வரும் இலக்கம்

இருநிலை எண்ணைப் பயனர் தட்டச்சு செய்து கொடுத்தால் அது எழுத்துகளின் வரிசையாகவே வந்து சேரும். அப்போது ஹார்னர் முறைதான் பொருத்தம். எழுத்துகள் இடமிருந்து வலமாக வரும் வரிசை, அதாவது மேலிடம் முதலில் வரும் வரிசை, அந்த முறைக்கு வேண்டிய வரிசையேதான். எத்தனை எழுத்துகள் வரும் என்று முன்கூட்டியே தெரியவேண்டியதில்லை. அணியைத் திருப்பவேண்டியதும் இல்லை.

```c
for (int i = 0; text[i] != '\0'; i++) {
    value = value * 2 + (text[i] - '0');
}
```

இங்கே `- '0'` என்ற சிறு பகுதி முக்கியமானது. ஆஸ்கி குறியீட்டில் `'0'` என்ற எழுத்தின் எண் 48, `'1'`-இன் எண் 49. இந்த 48-ஐக் கழிக்காவிட்டால் ஒவ்வோர் இலக்கத்திலும் 48 கூடுதலாகப் போய்ச் சேரும். ஆறு இடங்களின் மதிப்புகளைக் கூட்டினால் 63; 48-ஐ 63-ஆல் பெருக்கினால் 3024. ஆகவே 101100-க்கு 44 வராமல் 3068 வரும். சின்ன எண்ணுக்கு இப்படி ஆயிரக்கணக்கில் விடை வந்தால், எழுத்தை எண்ணாக்க மறந்தது முதல் சந்தேகமாக இருக்கவேண்டும். 0, 1 தவிர வேறு எழுத்து வந்தாலும் இந்த லூப் அதையும் கணக்கில் சேர்த்துவிடும். எனவே ஒவ்வோர் எழுத்தையும் பெருக்கும் முன் சரிபார்ப்பது நல்லது.

## பதின்ம வேடத்தில் இருநிலை

அணி இல்லாமலும் சிலர் இந்த வேலையைச் செய்வதுண்டு. மீதிகளை 1, 10, 100 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, விடையை ஒரே `int` மாறியில் சேர்ப்பார்கள். 44-க்கு அந்த மாறியில் இருப்பது ஒரு லட்சத்து ஆயிரத்து நூறு என்ற பதின்ம எண். அச்சிட்டால் 101100 என்று இருநிலை போலத் தெரியும். வரிசைத் தொல்லை நீங்கியதுபோலவும் தோன்றும்.

இந்த வழி 1023 வரைதான் தாங்கும். 1023-க்குப் பத்து ஒன்றுகள். 1111111111 என்ற எண் 32 பிட் `int`-இன் எல்லைக்குள் அடங்கிவிடும். 1024-க்கு ஒன்றும் அதன்பின் பத்துப் பூஜ்ஜியங்களும் வேண்டும். ஆயிரம் கோடி என்ற அந்த எண் எல்லையைத் தாண்டிவிடுகிறது. இதற்குப்பின் என்ன வரும் என்று மொழி உறுதி தருவதில்லை. பல கணினிகளில் 1410065408 என்று அச்சாகும். 4, 6, 5, 8 போன்ற இலக்கங்கள் இருநிலை விடையில் தென்படுவதே பிழையின் அடையாளம். அணியில் வைத்தால் ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனிப் பெட்டி. 11 இலக்கமானாலும் 31 இலக்கமானாலும் ஒன்றோடொன்று மோதாது.

## குறை எண்கள்

இந்த லூப்கள் பூஜ்ஜியத்துக்கும் நேர் எண்களுக்கும் எழுதப்பட்டவை. குறை எண் கொடுத்தால் `%` என்ன தரும் என்பது மொழிக்கு மொழி மாறுகிறது. சி மொழியின் 1999 தரத்திலிருந்து வகுத்தல் பூஜ்ஜியத்தை நோக்கிச் சுருங்கும். `-13 / 2` என்றால் -6, `-13 % 2` என்றால் -1. நிபந்தனையை `n != 0` என்று மாற்றி எழுதியிருந்தால் பெட்டிகளில் -1 என்ற இலக்கம் வந்து விழும்.

பைத்தானில் `-13 // 2` என்றால் -7, `-13 % 2` என்றால் 1. மீதி நேர் எண்ணாக வருவது நல்லதுபோலத் தோன்றும். ஆனால் -1-ஐ அங்கே இரண்டால் வகுத்தால் மீண்டும் -1-தான் வரும். `n` பூஜ்ஜியத்தை எட்டவே எட்டாது. லூப் நிற்காமல் ஓடும். இதற்கு எளிய தீர்வு, குறி எது என்று முதலில் குறித்துக்கொண்டு, குறியில்லாத எண்ணை மட்டும் லூப்புக்குள் அனுப்பி, அச்சிடும்போது முன்னால் `-` சேர்ப்பது.

## சரிபார்க்கும் வழி

இரண்டு லூப்களும் ஒன்றுக்கொன்று எதிர்வேலை செய்பவை என்பதால், ஒன்றைக்கொண்டு மற்றொன்றைச் சோதிக்கலாம். 0 முதல் 1000 வரை ஒவ்வோர் எண்ணையும் இருநிலைக்கு மாற்றி, உடனே திரும்பப் பதின்மத்துக்கு மாற்றி, மூல எண்ணோடு ஒப்பிடவேண்டும். பாதி விடை தரும் பிழை போன்றவை இதில் பிடிபடும்.

ஆனால் போகும் லூப் தலைகீழாக எழுதி, வரும் லூப்பும் தலைகீழாகவே படித்தால், ஆயிரம் எண்களும் சரியாகத் திரும்பி வந்துவிடும். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். அதனால் கையால் கணக்கிட்ட ஒன்றிரண்டு விடைகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். 44-க்கு 101100 என்பதும் 300-க்கு 100101100 என்பதும் இதற்குப் போதும். இரண்டுமே திருப்பினால் மாறிவிடும் எண்கள்.

## பத்தாக மாற்றுவதும் இதே லூப்தான்

பதின்மத்தை இருநிலையாக்குவதாகச் சொன்னாலும், `n`-க்குள் 44 என்பது ஏற்கெனவே இருநிலை வடிவில்தான் இருக்கிறது. விசைப்பலகையில் 4, 4 என்று தட்டும்போது `scanf` செய்வது ஹார்னர் முறைதான். இரண்டுக்குப் பதில் பத்தால் பெருக்கி, நான்கோடு பத்தைப் பெருக்கி நான்கைக் கூட்டுகிறது. அதேபோல் `printf` எண்ணைத் திரையில் காட்டும்போது, நினைவகத்தில் இருப்பதைப் பத்தின் மீதிகளாகப் பிரிக்கிறது. அப்போதும் கடைசி இலக்கமே முதலில் கிடைக்கிறது. அதை எங்கேனும் வைத்திருந்து திருப்பித்தான் காட்டவேண்டியிருக்கிறது. திரையில் 44 என்று ஒரு எண் தோன்றும் ஒவ்வொரு முறையும், அடிமானம் மட்டும் மாறிய இதே லூப் உள்ளே ஒரு முறை ஓடி முடிந்திருக்கிறது.